சின்னக் குழுவில் யாரைப் பாராட்டுவது, என்ன கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்தாறு பேர், அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து வேலை நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்டவை இவை. நானும் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவைப் பல வருடம் நடத்தியவன். இதில் பாதித் தவறுகளை நானே செய்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

எங்க டீம்ல ஆறே பேர். இதுக்கெல்லாம் ஒரு முறை வேணுமா? நல்லா செஞ்சா அப்பவே வாயால சொல்லிட்டுப் போறேன்.

அப்போதே சொல்வது நல்ல பழக்கம், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் நூறு பேர் இருக்கும் இடத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆறு பேர் இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாரிடம் எத்தனை தடவை "பிரமாதம்" என்றீர்கள் என்று நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1960-களில் சொன்னது இதுதான்: தனக்கு எவ்வளவு கிடைத்தது என்பதோடு மனிதர்கள் நிற்பதில்லை. நான் போட்ட உழைப்புக்கு எனக்கு இவ்வளவு, பக்கத்து இருக்கைக்காரர் போட்ட உழைப்புக்கு அவருக்கு எவ்வளவு என்று ஒப்பிடுகிறார்கள். சின்னக் குழுவில் பக்கத்து இருக்கை ரொம்பப் பக்கம். முறை என்றதும் படிவமும் மதிப்பெண்ணும் வேண்டாம். ஒரு நோட்டு, வாரத்துக்குப் பத்து நிமிடம், அவ்வளவு போதும்.

நல்ல வேலைன்னு எதைச் சொல்றது? எல்லாரும் அவங்கவங்க வேலையைத்தானே பார்க்கிறாங்க?

தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்குச் சம்பளம் இருக்கிறது, ஒரு நன்றியும் சொல்லலாம். தனியாகக் கவனிக்க வேண்டியதை முன்கூட்டியே நான்கைந்து வரிகளில் எழுதி எல்லோரிடமும் காட்டிவிடுங்கள். நாங்கள் எழுதி வைத்திருந்தது இது: ஒரு பிரச்சினை வருவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துத் தடுத்தது, அடுத்தவர் வேலை சுலபமாகும்படி எதையாவது மாற்றியது, தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் தனியாகச் செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தது, தன் தவறைத் தானே முன்வந்து சொல்லிச் சேதத்தைக் குறைத்தது.

இரண்டு விஷயத்தை நான் வேண்டுமென்றே அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒன்று, ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருப்பது. அதைப் பாராட்டினால் வேலையைப் பகலில் முடிக்கிறவருக்கு நஷ்டம். இன்னொன்று, கடைசி நேரத்தில் ஓடிவந்து தீயை அணைப்பது. அணைத்தவரைக் கொண்டாடுவதற்கு முன் தீ எப்படிப் பிடித்தது என்று பாருங்கள். பல நேரம் பற்றவைத்தவரும் அணைத்தவரும் ஒரே ஆளாக இருப்பார்.

எனக்கு யார் மேலயும் தனிப் பாசம் கிடையாது. அப்படியும் "உங்களுக்கு வேண்டியவங்களைத்தான் தூக்கி வைக்கிறீங்க"ன்னு சொல்றாங்க. ஏன்?

அதிகம் கேட்ட கேள்வி இது. என் கதையையே சொல்கிறேன்.

இதே பேச்சு என் காதுக்கும் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நிரூபித்துக் காட்டலாம் என்று ஒரு நோட்டு போட்டேன். யாராவது நல்ல வேலை செய்ததாக நான் கவனித்தால் அன்றைக்கே ஒரு வரி எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பதின்மூன்று வாரம் கழித்து எண்ணிப் பார்த்தேன். ஏழு பேருக்கும் சேர்த்து 46 குறிப்புகள். அதில் ஒருவருக்கு மட்டும் 15. இரண்டாமவருக்கு 11. மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்து 20. அந்த ஐவரில் கடைசியில் இருந்தவருக்கு ஒன்றே ஒன்று.

15 வாங்கியவர் என் மேசைக்கு எதிரில் உட்காருகிறவர். 11 வாங்கியவர் கூட்டங்களில் நன்றாகப் பேசுகிறவர். ஒன்று வாங்கியவர் மதியத்துக்கு மேல் வந்து, நான் கிளம்பிய பிறகு கடைசியாகப் பூட்டிக்கொண்டு போகிறவர். 46 குறிப்பில் 38 நான் கண்ணால் பார்த்ததோ கூட்டத்தில் கேட்டதோதான். யாரை எனக்குப் பிடிக்கும் என்பதை விட, யார் என் கண்ணில் படுகிறார் என்பதுதான் அந்த நோட்டில் பதிவாகியிருந்தது. பாசம் இல்லை என்று நான் சொன்னது உண்மை. பாரபட்சம் என்று அவர்கள் சொன்னதும் உண்மை.

அந்த மாலை நேரக்காரர் ஒரு வாரம் விடுப்பில் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த வாரம் மூன்று நாள் காலையில் வேலை முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. விசாரித்தால், மறுநாளுக்கான பட்டியலை அவர் தினமும் கிளம்புமுன் சரிபார்த்து, குறைகிற தகவலைக் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. காலையில் வருகிறவர்கள் பட்டியல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். நானும்தான்.

சரி, அந்த நோட்டை எப்படி எழுதறது? எனக்கு எழுதுற பழக்கமே இல்லை.

ஐந்து விஷயம், ஒரே வரியில்: தேதி, பெயர், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது, எனக்கு எப்படித் தெரிய வந்தது. "நன்றாக உழைத்தார்", "பொறுப்பானவர்" என்று எழுதாதீர்கள். அது ஆளைப் பற்றிய அபிப்பிராயம், வேலையைப் பற்றிய குறிப்பு ஆகாது. "பழைய விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்குப் போக இருந்ததைக் கவனித்து நிறுத்தினார், திரும்ப அனுப்பும் வேலை மிச்சம், அவர் சொல்லவில்லை, அனுப்புகிறவர் சொன்னார்" என்பது குறிப்பு. யார் வேண்டுமானாலும் இதைப் படித்துவிட்டு "இதற்கெல்லாமா?" என்றோ "அது நான் செய்தது" என்றோ உங்களிடம் கேட்க முடியும். அப்படிக் கேட்க முடிகிற மாதிரி எழுதுவதுதான் முக்கியம்.

கடைசிக் கட்டம், எப்படித் தெரிய வந்தது என்பது, பலர் விட்டுவிடுகிற ஒன்று. அதுதான் உங்கள் குருட்டு இடத்தைக் காட்டும். எல்லாவற்றுக்கும் "நான் பார்த்தேன்" என்று இருந்தால், நீங்கள் பார்க்காத இடத்தில் நடக்கும் வேலைக்கு உங்களிடம் கணக்கே இல்லை என்று அர்த்தம்.

நான் அதற்கு இரண்டு காரியம் செய்தேன். மாதத்தில் இரண்டு நாள் பூட்டும் வரை இருந்தேன், வேறொரு நாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். அப்புறம் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வி: "இந்த வாரம் உங்களுக்கு யார் உதவினாங்க, எதில்?" அடுத்த பதின்மூன்று வாரத்தில் 51 குறிப்புகள் சேர்ந்தன. எதிர் இருக்கைக்காரருக்கு 15 என்பது 10 ஆனது, மாலை நேரக்காரருக்கு 1 என்பது 6 ஆனது. எல்லோருக்கும் சரிசமமாக வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. வேலை சரிசமமாக நடப்பதில்லையே.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாருக்குக் கொடுக்கலாம்னு யோசிச்சா, போன வாரம் நடந்ததுதான் ஞாபகத்துக்கு வருது.

எல்லோருக்கும் அப்படித்தான். முதல் மாதத்தில் பெரிய காரியம் செய்தவர் மறந்துபோவார், கடைசி வாரத்தில் சின்னக் காரியம் செய்தவர் நிற்பார். மேலே சொன்ன நோட்டு இதற்கும் சேர்த்துத்தான். முடிவெடுக்கும் நாளில் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டாமல், முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.

கையில காசு இல்லை. பெருசா எதுவும் வாங்கிக் கொடுக்க முடியாது. அப்புறம் என்னதான் கொடுக்கிறது?

சின்னக் குழுவில் தலைவர் கையில் பணத்தை விட வேறு சில பொருள்கள் அதிகம் இருக்கின்றன. அடுத்த வேலையில் எதை எடுத்துக்கொள்வது என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. நேர அட்டவணையில் முதல் தேர்வு. யாரும் தொந்தரவு செய்யாத அரை நாள், அவர் கற்க விரும்பியதைக் கற்க. எரிச்சலூட்டும் ஒரு வேலையை ஒரு மாதத்துக்கு அவர் தலையிலிருந்து எடுத்துவிடுவது. உங்களுக்கு மேலே இருப்பவருக்கோ வாடிக்கையாளருக்கோ அவர் பெயரையும் செய்ததையும் குறிப்பிட்டு நீங்கள் எழுதும் நான்கு வரி, அதன் பிரதி அவருக்கு. கையால் எழுதிய ஒரு கடிதம்.

கடிதம் என்றால் சிலர் சிரிப்பார்கள். அதில் விவரம் இருந்தால் சிரிக்க மாட்டார்கள். "உங்கள் அர்ப்பணிப்புக்கு நன்றி" என்பதை யார் பெயருக்கும் அனுப்பலாம், அதனால் அது யாருக்கும் சேராது. "தினமும் மாலையில் நீங்கள் சரிபார்த்து வைக்கும் பட்டியலால் காலை வேலை நேரத்துக்குத் தொடங்குகிறது. நீங்கள் இல்லாத வாரம்தான் அது எனக்குத் தெரிந்தது. முன்பே கவனித்திருக்க வேண்டும்" என்று நான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை அவர் வெகுநாள் பையில் வைத்திருந்தார் என்று பிறகு இன்னொருவர் சொன்னார்.

சின்னத் தொகையைப் பணமாகக் கொடுப்பதற்கும் பொருளாகக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடும் வேலைக்கு வந்தவர்களை வைத்து செபாஸ்டியன் குபே உள்ளிட்ட மூவர் ஒரு பரிசோதனை நடத்தி 2012-இல் வெளியிட்டார்கள். எதிர்பாராமல் ஒரு வெந்நீர்க் குடுவை கிடைத்தவர்கள் செய்த வேலை ஏறத்தாழ கால் பங்கு கூடியது. அதே மதிப்புக்குப் பணம் கிடைத்தவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. ஆனால் அதே பணத்தைக் காகித மடிப்பு உருவமாக மடித்துக் கொடுத்தபோது அதுவும் வேலை செய்தது. யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும் போலிருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: அது சில மணி நேர வேலை. வருடக்கணக்கில் கூட இருப்பவர்களுக்குக் குடுவை கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது.

அரை நாள் லீவு கொடுத்தேன். மத்தவங்க முகம் தூக்கி வச்சுக்கிட்டாங்க. என்ன தப்பு?

அந்த அரை நாள் வேலையை யார் செய்தது? அவர்கள்தானே. சின்னக் குழுவில் "செலவில்லாத" பரிசுகளில் பலவற்றின் செலவு பக்கத்தில் இருப்பவர் தலையில் விழுகிறது. கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு யார் விலை கொடுக்கிறார்?

விடுப்பு கொடுப்பதாக இருந்தால் அன்றைக்கு அவர் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். அல்லது வேலை குறைவான நாளைத் தேர்ந்தெடுங்கள். எரிச்சலூட்டும் வேலையை ஒருவரிடமிருந்து எடுத்தால் அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொருவருக்குத் தள்ளாதீர்கள். நான் ஒரு மாதம் ஒருவருடைய பாக்கி வசூல் நினைவூட்டல் கடிதங்களை எழுதினேன். அந்த மாதம் அந்த வேலை எவ்வளவு மோசமானது என்றும் தெரிந்தது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தாதானே நியாயம்? ஆளுக்கு ஒண்ணுன்னா அதுவே பாரபட்சமாகாதா?

அளவு ஒன்றாக இருக்க வேண்டும், பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிறு வயதுக் குழந்தை உள்ளவருக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புவது பெரிய விஷயம். தனியாக இருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை, புது மென்பொருளைப் பழக நேரம் கிடைத்தால் சந்தோஷப்படுவார். எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொன்னால் ஒருவர் மலர்வார், இன்னொருவர் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்ப்பார்.

ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடலாம். வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பாராட்டைக் கூட்டத்தில் சொல்லவா, தனியாகச் சொல்லவா? இந்தப் பட்டியலில் எது கிடைத்தால் உங்களுக்கு உபயோகம்? பட்டியல் எல்லோருக்கும் ஒன்றே, அதில் இருப்பவை ஏறத்தாழ சம மதிப்பு. பட்டியல் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் "அவருக்கு மட்டும் ஏன் அது?" என்ற கேள்விக்கு "அவர் அதைத் தேர்ந்தெடுத்தார், நீங்கள் வேறொன்றைச் சொன்னீர்கள்" என்று பதில் சொல்லிவிடலாம்.

தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவருக்கு நீங்கள் சொன்னது மற்றவர்களுக்குத் தெரியாது, எனவே அவரை நீங்கள் கண்டுகொள்வதே இல்லை என்று மற்றவர்கள் நினைக்கலாம். அவர் அனுமதியோடு, ஆளைப் பற்றிப் பேசாமல், செய்த வேலையை மட்டும் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

"இந்த மாதச் சிறந்த ஊழியர்"னு போட்டோ ஒட்டலாமா? பெரிய கம்பெனில எல்லாம் வைக்கிறாங்களே.

ஏழு பேர் குழுவில் வேண்டாம். மூன்று மாதத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை வந்தால் முணுமுணுப்பு. அதற்குப் பயந்து முறைவைத்துக் கொடுக்க ஆரம்பிப்பீர்கள். அப்புறம் அடுத்து யார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், அந்தப் படம் சுவரில் ஒரு நாட்காட்டி மாதிரி ஆகிவிடும். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்ற கணக்கும் இருக்கிறது.

பதிலாக, தேர்வு என்று வைக்காமல் தகுதிக் கோடு என்று வையுங்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன நான்கு வரிகளில் ஒன்றைத் தெளிவாகத் தாண்டிய எவருக்கும் அந்தக் காலாண்டில் உண்டு. சில காலாண்டில் நான்கு பேர் வருவார்கள், சிலவற்றில் யாருமே வரமாட்டார்கள். யாரும் வராத காலாண்டில் யாருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். நான் ஒருமுறை அதைச் செய்யத் தைரியமில்லாமல் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று அவரே கேட்டபோது விழித்தேன்.

வருகைக்கு, லேட்டா வராததுக்குன்னு பரிசு வச்சா பாரபட்சம்னு யாரும் சொல்ல முடியாதுல்ல? எண்ணிக்கைதானே.

சொல்ல முடியாதுதான், ஆனால் வேறு வினை வரும். துணி வெளுக்கும் தொழிற்கூடங்களில் ஒன்று இப்படி வருகைப் பரிசு வைத்தபோது நடந்ததை டிமோதி கப்ளர், இயன் லார்கின், லமார் பியர்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். ஊழியர்கள் பரிசு கைவிட்டுப் போகாத அளவுக்கு மட்டும் வருகையைச் சரிசெய்துகொண்டார்கள். அதுவரை பரிசு இல்லாமலே நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் வேலைத் திறன் குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: நான் இயல்பாகச் செய்துவந்ததற்கு இப்போது மற்றவருக்குப் பரிசு.

எண்ணுவதற்கு எளிதானதை அளந்தால், எண்ண முடியாததைச் செய்கிறவர் தோற்பார். மாலைப் பட்டியலைச் சரிபார்த்தவரை எந்த எண்ணிக்கையில் பிடிப்பீர்கள்?

முன்னாடியே "இதைச் செஞ்சா இது கிடைக்கும்"னு சொல்லணுமா, செஞ்ச பிறகு கொடுக்கணுமா?

எந்த மாதிரி வேலை கவனிக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தப் பொருள் எப்போது வரும் என்பதைச் சொல்லாதீர்கள். மார்க் லெப்பரும் உடன் இருந்தவர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளுக்கு "வரைந்தால் பரிசு" என்று முன்பே சொன்னபோது, பின்னாளில் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் அதே பரிசு கிடைத்த குழந்தைகளிடம் அப்படி ஆகவில்லை. குழந்தைகளை வைத்துச் செய்ததை அப்படியே பெரியவர்கள் மேல் ஒட்ட முடியாது. ஆனால் தானாகவே செய்யும் வேலைக்கு விலை ஒட்டினால் அது விற்பனைக்கு வந்துவிடும் என்பதை நான் குழுவிலும் பார்த்திருக்கிறேன்.

அப்போ ஆளுங்களையே ஓட்டு போடச் சொல்லிடலாமே. என் மேல பழி வராது.

பழி வராது, ஆனால் முடிவு பாழாகும். ஏழு ஓட்டில் மூன்று பேர் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் அதிலேயே தேர்தல் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் நல்லவராக இருப்பவர் ஜெயிப்பார். தவறான கணக்கைத் திருப்பி அனுப்பித் திட்டு வாங்குகிறவர், அதுதான் அவர் வேலை என்றாலும், ஒரு ஓட்டும் வாங்க மாட்டார்.

அவர்களிடம் தீர்ப்பைக் கேட்காதீர்கள், தகவலைக் கேளுங்கள். நான்காம் கேள்வியில் சொன்ன "யார் உதவினாங்க, எதில்?" என்பது அதற்குத்தான். முடிவு உங்களுடையது, அதன் பழியும்.

ஒருத்தர் உண்மையிலேயே எல்லாத்துலயும் மத்தவங்களைவிட நல்லா செய்றார். அவருக்கே கொடுத்துக்கிட்டு இருந்தா தப்பா?

தப்பில்லை, ஆனால் முதலில் உங்களைச் சந்தேகப்படுங்கள். எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் எழுதியது இன்னும் பொருந்துகிறது. ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குத் தனித்தனிக் குணங்களுக்கு மதிப்பிட்டபோது, ஒன்றில் உயர்ந்தவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகப் போட்டிருந்தார்கள். ஒரு நல்ல குணத்தின் வெளிச்சம் மற்றவை மேலும் விழுகிறது. சோதிக்க ஒரு வழி: நோட்டில் பெயர்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு, செய்த வேலையை மட்டும் படித்து எது பெரிது என்று குறியுங்கள். பிறகு தாளை எடுங்கள். என் எதிர் இருக்கைக்காரரின் 10 குறிப்பில் 4 இப்படிப் பார்த்தபோது சாதாரணமாகத் தெரிந்தது.

மறைத்துப் பார்த்தும் அவர்தான் முன்னால் நிற்கிறார் என்றால் தயங்காமல் கொடுங்கள். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: கவனிக்கப்படக்கூடிய வேலைகள் எல்லாம் அவருக்கே போகின்றனவா? சிக்கலான வாடிக்கையாளர், புது முயற்சி, வெளியே போய்ப் பேசுவது எல்லாம் அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் ஜொலிக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. வாய்ப்பைப் பங்கிடும் இடத்திலேயே பாரபட்சம் தொடங்கிவிடும், பரிசு கொடுக்கும் நாளில் அது வெளியே தெரிகிறது.

ஒருத்தரைப் பாராட்டினா மத்தவங்க சோர்ந்து போயிட மாட்டாங்களா?

காரணம் தெரியாதபோது சோர்ந்துபோவார்கள். காரணம் தெரிந்து, அது தங்களாலும் செய்யக்கூடியது என்று பட்டால் வேறு மாதிரி ஆகலாம். 2016-இல் வெளியான ஒரு கள ஆய்வில் எட்டு எட்டுப் பேர் கொண்ட குழுக்களில் முதல் மூன்று பேருக்கு மட்டும் நன்றி அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு வேலை கூடியது, பெரும்பாலும் அட்டை கிடைக்காதவர்களால். அவர்கள் ஒரு நாள் வேலைக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கும் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய குழுவில், காரணத்தைச் சொல்லாமல் அட்டை மட்டும் நீட்டினால் இப்படி ஆகும் என்று நம்பாதீர்கள்.

சேர்ந்து செஞ்ச வேலைல யாருக்குன்னு கொடுக்கிறது?

சேர்ந்துதான். ஆனால் "குழுவுக்கு நன்றி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், யார் எந்தப் பகுதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி சொல்லுங்கள். ஒருவருக்குச் சொல்ல வரி கிடைக்கவில்லை என்றால் அவரிடமே முன்னால் கேட்டுவிடுங்கள்.

பாராட்டு, லெட்டர் எல்லாம் சரி, சம்பளம் ஏத்தாம ஏமாத்துறீங்கன்னு ஒருத்தர் நேராவே கேட்டுட்டார்.

அவர் கேட்டது நியாயமாக இருக்கலாம். சம்பளம் சந்தையை விடக் குறைவு, அல்லது ஒரே வேலைக்கு இருவருக்கு வேறு வேறு என்றால், எவ்வளவு நல்ல கடிதமும் கேலியாகத்தான் படும். அப்படி இருந்தால் பாராட்டை ஓரம் வைத்துவிட்டு அதைச் சரிசெய்யப் பாருங்கள். இப்போது முடியாது என்றால் முடியாது என்றும், எப்போது மறுபடி பேசலாம் என்றும் தேதியோடு சொல்லுங்கள். நோட்டு அங்கேயும் உதவும்: சம்பளம் பேசும் நாளில் அந்தக் குறிப்புகளை எடுத்து மேசையில் வையுங்கள். வருடம் முழுக்கப் பாராட்டி, சம்பளம் பேசும்போது மட்டும் எதுவும் ஞாபகமில்லாதது போல நடந்தால் அடுத்த பாராட்டுக்கு மதிப்பிருக்காது.

தப்பான ஆளுக்குக் கொடுத்துட்டேன். உண்மையில செஞ்சது வேற ஒருத்தர். இப்போ என்ன பண்றது?

கொடுத்ததைத் திரும்ப வாங்காதீர்கள். வாங்கியவர் ஏமாற்றவில்லை என்றால் முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். பிறகு எந்தக் கூட்டத்தில் தவறாகச் சொன்னீர்களோ அதே கூட்டத்தில், "போன வாரம் நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அதைச் செய்தது இவர்" என்று உங்கள் தவறாகவே சொல்லுங்கள். உண்மையில் செய்தவருக்கும் அதே அளவு கொடுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டுத் தனியறையில் திருத்துவது பாதித் திருத்தம்தான்.

என் தம்பியே என் டீம்ல இருக்கான். அவனுக்கு என்ன கொடுத்தாலும் பேச்சு வரும், கொடுக்கலைன்னா அவனுக்கு அநியாயம்.

அவர் விஷயத்தில் முடிவெடுப்பவராக நீங்கள் இருக்காதீர்கள். வெளியே இருக்கும் ஒருவரிடம், பங்குதாரரோ வேறு குழுவின் தலைவரோ, நோட்டிலிருந்து பெயர் நீக்கிய குறிப்புகளை எல்லாம் கொடுத்துக் கோட்டைத் தாண்டியவை எவை என்று குறிக்கச் சொல்லுங்கள். எல்லோருடைய குறிப்பும் சேர்ந்து போக வேண்டும், தம்பியுடையதை மட்டும் தனியாக அனுப்பக் கூடாது. இதைச் செய்கிறீர்கள் என்று குழுவுக்கும் தெரிய வேண்டும்.

பேச்சுக்குப் பயந்து ஒன்றுமே கொடுக்காமல் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் உறவை வைத்து எடுக்கும் முடிவுதான்.

மூணு மாசமா நோட்டுல ஒருத்தர் பேரு ஒரு தடவைகூட வரலை. பாவமா இருக்கு. ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடிச்சுப் பாராட்டிடவா?

கண்டுபிடித்துப் பாராட்டாதீர்கள், அவருக்கே அது தெரிந்துவிடும். மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். நீங்கள் பார்க்கவில்லை, அவருக்கு வாய்ப்பே வரவில்லை, அல்லது உண்மையிலேயே சம்பளத்துக்கான வேலையை மட்டும் செய்கிறார். இந்த வரிசையிலேயே சரிபாருங்கள். ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், கேள்வி கேட்காமல். அவர் விடுப்பில் போனால் எது நின்றுபோகிறது என்று கவனியுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கடந்த மூன்று மாதத்தில் அவருக்கு என்னென்ன வேலை கொடுத்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எல்லாம் யாரும் கவனிக்காத அன்றாட வேலையாக இருந்தால், அடுத்த முறை கொஞ்சம் சவாலான ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

மூன்றாவதுதான் காரணம் என்றால் அவர் பெயர் நோட்டில் வராதது தவறில்லை. ஒழுங்காக வந்து, ஒழுங்காக வேலையை முடித்து, நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவருக்கும் குழுவில் இடம் உண்டு. அவரிடம் "உங்கள் வேலையில் எனக்குக் குறையில்லை" என்று அதை மட்டும் சொல்லலாம். நான் அப்படி ஒருவரிடம் சொன்னபோது அவர், "அதைத்தான் ரெண்டு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.